வாய்க்குள் மறையும் ‘ன்’: மொழிபெயர்ப்பு வசனத்தில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும்

ஈசூனில் வசிக்கும் வாசகி ஒருவர் அனுப்பியிருந்த கேள்வி இது. அவருடைய மகன் பார்க்கும் தமிழாக்கப்பட்ட கேலிச்சித்திரத் தொடரில் ஐந்து வயதுச் சிறுவன் தன் அம்மாவிடம் ‘நான் அங்கே செல்ல மாட்டேன்’ என்கிறான். அதே வீட்டில் மாமியார் பார்க்கும் கொரியத் தொடரின் தமிழ் சப்டைட்டிலோ ‘நா அங்க போமாட்டே’ என்று ஓடுகிறது. மாமியார் அதை வாசித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடுகிறது. இரண்டில் எது சரி, இதற்கு ஏதேனும் முறை உண்டா என்று கேட்கிறார்.

தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பது நமக்குத் தெரிந்ததே. எழுதுவதற்கும் மேடைக்கும் ஒரு வழக்கு, வீட்டுக்கும் தெருவுக்கும் இன்னொரு வழக்கு. சார்லஸ் ஃபெர்குசன் 1959ஆம் ஆண்டு எழுதிய கட்டுரைக்குப் பிறகு, உலகின் பல மொழிகளில் காணப்படும் இந்நிலையை மொழியியலாளர்கள் ஒரே பெயரிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். வாசகியின் கேள்விக்கு விடை இந்தப் பொதுக் கோட்பாட்டில் இல்லை. சொல்லின் கடைசியில் நிற்கும் ஒற்றெழுத்துக்கு நம் வாய் என்ன செய்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

‘வந்தான்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். செய்தி வாசிப்பவர் இதைச் சொல்லும்போது, கடைசியில் நாக்கின் நுனி மேலெழுந்து பல்லுக்குப் பின்னுள்ள அண்ணத்தைத் தொடுகிறது. அதே நேரத்தில் தொண்டையை ஒட்டிய மென்மையான பின் அண்ணம் கீழிறங்கி, காற்றை மூக்கின் வழியே விடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் ‘ன்’. வீட்டுப் பேச்சில் நாக்கு மேலே போவதில்லை. ஆனால் பின் அண்ணம் தன் வேலையை விடுவதில்லை. இன்னும் சற்று முன்னதாகவே, ‘தா’வின் நெடில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கிவிடுகிறது. ஆகவே மெய்யெழுத்து மறைந்துபோக, அதன் மூக்கொலி மட்டும் உயிரின்மேல் ஏறி அமர்ந்துகொள்கிறது. ‘மரம்’, ‘வேணும்’ போன்ற சொற்களின் இறுதியிலுள்ள ‘ம்’முக்கும் இதுவே நேர்கிறது, பேச்சில் அங்கே உதடுகள் மூடுவதே இல்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டில் பேசுவதுபோல ‘அவன் வந்தான்’ என்று சொல்லி, கடைசி உயிரை நீட்டியபடியே மூக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலி சட்டென்று அடைபட்டு மாறும். பிறகு ‘அவ வந்தா’ என்று பெண்ணைப் பற்றிச் சொல்லி அதையே செய்யுங்கள். ஒலியில் மாற்றம் ஏதும் இராது. ‘வந்தாள்’ என்பதன் ‘ள்’ மூக்கொலி அன்று. ஆதலால் அது தடயம் எதையும் விட்டுச் செல்லாமல் போய்விட்டது. எழுத்தில் ‘ன்’னும் ‘ள்’ளும் செய்த ஆண், பெண் வேறுபாட்டைப் பேச்சில் மூக்கு ஒன்றே செய்து முடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த படி. மறைந்த மெய்கள் அழிந்துவிடவில்லை. பின்னால் ஓர் உயிரைச் சேர்த்தால் போதும், ஒவ்வொன்றும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்: ‘வந்தானா?’, ‘வந்தாளா?’, ‘வந்தாலும்’, ‘வேணுமா?’. பள்ளிக்கூடமே போகாத மூதாட்டியும் இதில் தவறுவதில்லை. பேச்சுத் தமிழ் என்பது சோம்பேறி நாக்கு சிதைத்த தமிழ் என்று இன்றும் மேடைகளில் சொல்கிறார்கள். சிதைந்துபோன ஒன்று தான் இழந்த எழுத்தை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்காது. இது இலக்கணம், நாம் வகுப்பில் படிக்காத இலக்கணம்.

இனி சப்டைட்டிலுக்கு வருவோம். மூக்கொலி ஏறிய உயிரைக் குறிக்கத் தமிழ் நெடுங்கணக்கில் எழுத்து இல்லை. எனவே பேச்சை அப்படியே எழுத முனையும் மொழிபெயர்ப்பாளர் ‘வந்தா’ என்று எழுதினால், அந்த வடிவம் ‘வந்தாள்’ என்றும் ‘வந்தால்’ என்றும் பொருள்படும். ‘ன்’னையும் விட்டு எழுதுபவராக இருந்தால் ‘வந்தான்’ என்றும் பொருள்படும். ‘அவ வந்தா நா போறே’ என்ற வரியைப் பாருங்கள். அவள் வந்துவிட்டாள், நான் கிளம்புகிறேன் என்கிறாரா, அவள் வரும் பட்சத்தில் நான் போகிறேன் என்கிறாரா? காதால் கேட்டால் குரலின் ஏற்ற இறக்கமும் நடுவில் விடும் சிறு நிறுத்தமும் ஐயத்தைத் தீர்த்துவிடும். திரையின் அடியில் இரண்டு விநாடி மட்டும் நிற்கும் வரியில் அவை இல்லை. காதில் விழுவதோ கொரிய மொழி. வாசிப்பவர் வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப நேர்ந்தால் அந்தக் காட்சி கைவிட்டுப் போனதாகவே கொள்ளலாம்.

ஆகவே சப்டைட்டிலில் பேச்சுத் தமிழைக் கையாளும்போது, எந்த ஒற்று இலக்கண வேலை செய்கிறதோ அதை எழுதிவிட வேண்டும் என்பது என் துணிபு. ‘அவள் வந்தால் நான் போறேன்’ என்று எழுதினாலே போதும். ‘போகிறேன்’ ‘போறேன்’ ஆகிவிட்டதால் இது பேச்சு என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற சொற்களை அவர் மனத்துக்குள் தாமே பேச்சாக ஒலித்துக்கொள்வார். ‘நான்’ என்பதை ‘நா’ என்று எழுதுவதால் கிடைக்கும் நயம் மிகக் குறைவு. அது நாக்கையும் குறிக்கும் என்பதால் வரும் தடுமாற்றம் அதிகம்.

சிங்கப்பூரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் புழங்குபவர்கள். 2005ஆம் ஆண்டு பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பள்ளிகளில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் கிடைத்திருக்கிறது. ஆயினும் அது பேசவும் கேட்கவும் மட்டுமே. அச்சில் அவர்கள் கண்டு பழகிய சொல்வடிவங்கள் எழுத்துத் தமிழுக்குரியவை. பழகிய சொல்லைக் கண் ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்ளும். ‘போமாட்டே’ போன்ற பழகாத வடிவத்தை எழுத்துக் கூட்டி, ஒலித்துப் பார்த்து, பிறகுதான் பொருள்கொள்ள முடியும். மாமியார் தடுமாறியதும் இதனால்தான். அவருடைய தமிழில் குறை ஏதுமில்லை. சப்டைட்டில் வாசிப்பவரின் கண்ணசைவைக் கருவி கொண்டு அளக்கும் ஆய்வுகள் ஐரோப்பிய மொழிகளில் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. தமிழின் பழமையைப் பேசும் விழாக்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பகுதியை இத்தகைய அளவீட்டுக்கு ஒதுக்கினால், பேச்சு வடிவங்களுள் எவற்றைக் கண் எளிதாக ஏற்கிறது, எவற்றில் தடுக்கி நிற்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியும். தொடக்கக்கல்லூரி மாணவர்கள்கூட ஆர்வத்துடன் பங்கெடுக்கக்கூடிய ஆய்வு இது.

டப்பிங்கில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே மூக்கொலியும் குரலின் ஏற்ற இறக்கமும் காதுக்குக் கேட்கும். எனவே ‘வந்தா’ என்பதில் குழப்பம் எழாது. அங்குள்ள கட்டுப்பாடு நடிகரின் உதடு. கொரியத் தொடர்களில் அடிக்கடி கேட்கும் ‘தோவா ஜுசேயோ’ என்ற வேண்டுகோளை அண்மைக் காட்சியில் ஒரு பெண் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஐந்து அசை; முடிவில் உதடுகள் குவிந்து, திறந்தே நிற்கின்றன. ‘உதவ வேண்டும்’ என்று எழுதினால் அதிலும் ஐந்து அசைதான், கணக்குச் சரியாக வருகிறது; ஆனால் கடைசி ‘ம்’மில் குரல் கலைஞரின் உதடு மூட, திரையில் உள்ள பெண்ணின் வாய் திறந்திருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது; ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். ‘உதவணும்’ என்று பேச்சில் சொன்னால் அசை ஒன்று குறைகிறது, ஆனால் அதை நீட்டிச் சமாளிக்கலாம். இறுதியில் ‘ம்’ மூக்கொலியாகக் கரைந்து, குவிந்த உகரம் மட்டும் எஞ்சுகிறது. திரையிலுள்ள உதடும் அப்படியேதான் குவிந்திருக்கிறது.

இதே காரணத்தால்தான் கேலிச்சித்திரச் சிறுவனின் ‘செல்ல மாட்டேன்’ காதில் உறுத்துகிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் அம்மாவிடம் ‘செல்ல’ என்று சொன்னதில்லை. டப்பிங்கில் பேச்சுத் தமிழே இயல்பு. எழுத்துத் தமிழைப் பாத்திரத்துக்குக் கொடுப்பதற்குத் தனிக் காரணம் வேண்டும். தீர்ப்பை வாசிக்கும் நீதிபதி, வானொலியில் கேட்கும் அறிவிப்பு, உரக்கப் படிக்கப்படும் கடிதம், அரசவையில் பேசும் மன்னர் ஆகியோருக்கு அது பொருந்தும். அதே மன்னர் இரவில் மகளின் கட்டிலருகே அமர்ந்து ‘தூங்கு’ என்று சொல்லும்போது பேச்சுக்கு மாறினால், அந்த மாற்றமே நடிப்பின் பாதியைச் செய்துவிடும். முதலாளிக்கு எழுத்துத் தமிழ், வேலைக்காரருக்குப் பேச்சுத் தமிழ் என்று பிரிக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூல மொழியில் இருவரும் ஒரே வழக்கைப் பேசும்போது, நாமாக ஒரு மேல்கீழை உண்டாக்கிக் கொடுப்பது அநியாயம்.

எந்த வழக்கைத் தேர்வது என்பது கதையையே பாதிக்கும் இடங்களும் உண்டு. மலாய்த் துப்பறியும் நாடகம் ஒன்றில், இருட்டில் ஒளிந்திருக்கும் ஒருவர் தொலைபேசியில் ‘டியா சுடா டத்தாங்’ என்று கிசுகிசுக்கிறார் என்று கொள்வோம். ‘டியா’ அவனையும் குறிக்கும், அவளையும் குறிக்கும்; வந்திருக்கும் கொலையாளி ஆணா பெண்ணா என்பது கடைசிக் காட்சியில்தான் தெரிய வேண்டும். எழுத்துத் தமிழில் ‘வந்துவிட்டான்’ என்றால் பொய். ‘வந்துவிட்டாள்’ என்றால் மர்மம் அங்கேயே முடிந்தது. ‘வந்துவிட்டார்’ என்றால் பேசுபவர் கொலையாளிக்கு மரியாதை கொடுக்கிறார். ‘வந்தாயிற்று’ பாலைக் காட்டாது, ஆனால் இருட்டில் ஒளிந்திருப்பவர் வாயில் அது ஒட்டாது. பேச்சுத் தமிழில் ‘வந்தாச்சு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதையும் இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. சப்டைட்டிலில் எழுதினாலும் அது இன்னொரு சொல்லாக மாறித் தெரியாது. அடுத்த வரிகளில் ‘டியா’ மீண்டும் வரும்போது ‘அவங்க’ என்று எழுதத் தோன்றும். ஒருவரை மட்டும் குறிக்கும்போது பேச்சில் அது பெரும்பாலும் பெண்ணையே நினைவூட்டுவதால் அங்கே அது உதவாது. எழுவாயைச் சொல்லாமல் விட்டு, வினையை ‘வந்துடுச்சு’, ‘போயிடுச்சு’ என்று அஃறிணை முடிவில் நிறுத்தினால், கடைசிக் காட்சி வரை பாலைக் காட்டிக் கொடுக்காமல் வசனத்தைக் கொண்டுசெல்லலாம்.