முதல் நாளே ஒரு மணி நேரம் எதற்கு? ஜிம்மைக் கண்டு பதறுகிறவருக்கான முதல் திட்டம்

வருடச் சந்தாவைக் கட்டிவிட்டு மூன்றாம் நாளே நின்றுபோன இன்னொருவர் சில மாதங்களுக்கு முன் வந்தார். வயது 38, மருந்துக்கடை நடத்துகிறார், எடை 104 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கு முன் இரண்டு ஜிம்களில் சேர்ந்து பார்த்துவிட்டார். இரண்டிலும் ஒரே கதைதான். மாலை 7 மணிக்கு, நிற்க இடமில்லாத நேரத்தில் வரச்சொல்லி, ட்ரெட்மில் ஓட்டம், ஸ்குவாட், பர்பி என்று முக்கால் மணி நேரம் பிழிந்தெடுத்து, "முதல் நாள் அப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. அந்த வலியைக்கூடத் தாங்கிக்கொண்டார். அத்தனை பேர் நடுவில் மூச்சு வாங்க நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இப்படிப்பட்டவரைச் சோம்பேறி என்று சொல்கிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறுத்துங்கள். அவர் பணம் கட்டி, ஷூ வாங்கி, இரண்டு முறை படியேறி வந்தவர். தவறு திட்டத்தில் இருக்கிறது.

இந்தத் திட்டங்களுக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: ஒரு மணி நேரம் செய்யாவிட்டால் வீண், மறுநாள் வலிக்காவிட்டால் உடம்பில் ஏறவில்லை. இரண்டுமே தப்பு. பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு காலத்தில் சொன்னது உண்மை. 2020-இல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு சிறிய அசைவும் வாரக் கணக்கில் சேரும். வலி விஷயத்துக்கு வருவோம். பழக்கமில்லாத தசைக்குத் திடீரென்று வேலை கொடுத்தால், குறிப்பாக எடையைக் கீழே இறக்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்கினால், ஒன்று முதல் மூன்று நாள்வரை வலிக்கும். பலன் கிடைத்ததற்கு அது அத்தாட்சி இல்லை. பலன் கிடைக்க அது தேவையும் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். முதல் தடவை மிதமாகச் செய்தாலே, அடுத்த தடவை அதே வேலைக்குத் தசை அவ்வளவு வலிப்பதில்லை. அந்தப் பாதுகாப்பைப் பெற முதல் நாள் ஒரே ஒரு செட் போதும். நாலு செட் போட்டு ஆளை விரட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

பதற்றம் உள்ளவருக்கு முதல் ஆறு வாரத்தில் ஒரே இலக்குதான்: அடுத்த முறையும் வர வேண்டும். எடைக் குறைப்பு, தசை, ஸ்டாமினா எல்லாம் அதற்குப் பிறகு. இலக்கு இதுவென்று ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரம்.

நம் ஊர் ஜிம்களில் காலை 6 முதல் 8.30 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் நெரிசல். நடுவில் காலியாக இருக்கும் என்று நினைத்து 2 மணிக்கு வரச்சொன்னால், பல ஜிம்கள் அப்போது பூட்டியிருக்கும். சில இடங்களில் முற்பகல் பெண்களுக்கான நேரம். ஆகவே ஊகிக்காமல் வரவேற்பில் கேளுங்கள்: "எந்த மணியில் பத்து பேருக்குக் கீழே இருப்பார்கள்?" இவருக்குக் கிடைத்தது செவ்வாயும் வெள்ளியும் காலை 10.15. அந்த நேரத்தில் கடையைத் தம்பி பார்த்துக்கொள்வார். திங்கள்கிழமை வேண்டாம். வார விடுமுறைக்குப் பிறகு எல்லோருக்கும் அன்றுதான் ஜிம் ஞாபகம் வரும்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு நாள், அதே 10.15-க்கு, பத்து நிமிடம் சும்மா வந்துபோக வேண்டும். செருப்பை எங்கே விடுவது, உள்ளே போட்டுக்கொள்ளத் தனி ஷூ வேண்டுமா, டவல் கட்டாயமா, விரல் ரேகை எந்திரம் எப்படி, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே. அற்பமாகத் தெரியலாம். ஆனால் பதற்றத்தில் பாதி இந்த "எனக்கு மட்டும் தெரியவில்லையே" என்ற உணர்விலிருந்துதான் கிளம்புகிறது. அன்றே மூன்று எந்திரங்களைத் தேர்ந்தெடுத்து, உட்காரும் இடத்தைச் சரிசெய்து, சீட் எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுமுறை சீட்டைப் பூட்டும் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு தடுமாற வேண்டியதில்லை.

எந்த மூன்று? உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த அசைவாக இருக்க வேண்டும். இவர் பள்ளி, கல்லூரிக்குச் சைக்கிளில் போனவர். எனவே ட்ரெட்மில்லுக்குப் பதில் முதுகு சாய்ந்து மிதிக்கும் சைக்கிள். சாதாரண எக்சர்சைஸ் சைக்கிளின் குறுகிய சீட்டில் கனமான உடம்பு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடமே வலிக்கும். வந்தவர் ஓடிப்போவதற்கு இது ஒன்றே போதும், யாரும் வெளியே சொல்வதில்லை. சீட்டின் தூரம்: மிதி எட்டப் போகும்போது முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும், முழுவதும் நீளக் கூடாது. இரண்டாவது லெக் பிரஸ், நாற்காலியிலிருந்து எழும் அதே வேலை. மூன்றாவது உட்கார்ந்து இழுக்கும் ரோ, நெஞ்சுப் பட்டை உள்ளதாக இருந்தால் நல்லது. ட்ரெட்மில்லை நான் முதலில் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புதிதாக ஏறியவர் இறங்கியதும் தரை நகர்வதுபோல் ஓரிரு நிமிடம் தோன்றும். ஆபத்தில்லை, ஆனால் ஏற்கெனவே பயந்திருப்பவர் அதை மயக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

முதல் வாரம் இவ்வளவுதான். சைக்கிள் 8 நிமிடம், மிகக் குறைந்த லெவலில், நிமிடத்துக்கு 50 முதல் 60 சுற்று. முழு வாக்கியம் பேச வர வேண்டும். வரவில்லை என்றால் வேகம் அதிகம். பிறகு லெக் பிரஸ் ஒரு செட், 10 முறை. ரோ ஒரு செட், 10 முறை. திரும்பச் சைக்கிளில் 4 நிமிடம் மெதுவாக மிதித்துவிட்டு வீட்டுக்கு. உள்ளே நுழைந்து வெளியே வர 25 நிமிடம். எடையைப் பொறுத்தவரை, பத்தாவது முறை முடிந்ததும் இன்னும் ஐந்தாறு தாராளமாக வரும் என்று தோன்ற வேண்டும். இவருக்கு லெக் பிரஸில் 30 கிலோ, ரோவில் 15 கிலோ அப்படி அமைந்தது. இந்த எண்களை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். கப்பியும் நெம்புகோலும் மாறினால் அதே 30 கிலோ வேறு எந்திரத்தில் வேறு கனம் காட்டும். தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை விட வேண்டும். பயந்தவர்கள் அனிச்சையாக மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

"இன்னும் ரெண்டு சார், ரெண்டே ரெண்டு!" என்று தலைக்கு மேல் நின்று கத்தாதீர்கள். தயவுசெய்து.

இரண்டாம் நாள் ஆறாவது நிமிடத்தில் இவர் சைக்கிளிலிருந்து இறங்கப் பார்த்தார். நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, ஏதோ ஆகப்போகிறது என்றார். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உடற்பயிற்சியில் இதயம் வேகமாகத் துடிப்பதும் பீதியில் துடிப்பதும் உள்ளிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அவர் முன்பே மருத்துவரிடம் போய் இசிஜி உட்படப் பரிசோதித்து வந்தவர். நெஞ்சில் இறுக்கமோ வலியோ தலைசுற்றலோ இல்லை என்று கேட்டு உறுதி செய்த பிறகே, இறங்காமல் வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னோம். மூன்று நிமிடத்தில் துடிப்பு இறங்கியதை அவரே உணர்ந்தார். படபடப்பு வந்ததும் ஓடியிருந்தால், ஓடியதால்தான் தப்பித்தேன் என்று மனம் பதிந்துகொண்டிருக்கும். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் என்றால் பதற்றம் என்று சமாதானம் சொல்லாதீர்கள், உடனே 108. பரிசோதனையே செய்யாதவரிடமும் இந்தச் சமாதானம் வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். பதற்றத்துக்காக புரோப்ரனலோல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பு அவ்வளவாக ஏறாது. எந்திரத்தின் திரையில் வரும் எண்ணைத் துரத்தினால் அளவுக்கு மீறிப் போய்விடுவார்கள், பேச வருகிறதா என்பதே அவர்களுக்கு அளவுகோல். மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தது, ப்ரீ-வொர்க்அவுட் பவுடர். காஃபீன் படபடப்பைக் கூட்டும் என்று தெரிந்தும் பதற்றக்காரருக்கு விற்பவர்களை என்ன சொல்ல? பயிற்சிக்கு முன் டபுள் ஸ்ட்ராங் காபியும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும்.

எந்திரம் காலியில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிக் கொடுங்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்து நிற்கும் அந்த நேரத்தில்தான் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றும். லெக் பிரஸில் ஆள் இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து எழுவது 10 முறை. ரோவில் ஆள் இருந்தால் லாட் புல்டவுன், கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்காமல் மேல் நெஞ்சுவரை. மனம் சரியில்லாத நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும்: வந்து 5 நிமிடம் சைக்கிள் மிதித்துவிட்டுப் போகலாம், அதுவும் வந்த நாளாகவே கணக்கு.

கூட்டுவது எப்போதும் ஒன்றை மட்டும். இவருக்கு இரண்டாம் வாரம் எதுவும் மாறவில்லை. மூன்றாம் வாரம் செட் இரண்டானது. நான்காம் வாரம் ஞாயிறு காலை மூன்றாம் நாளாகச் சேர்ந்தது. ஐந்தாம் வாரம் செஸ்ட் பிரஸ் வந்தது, பிடி நெஞ்சின் நடு உயரத்தில் வரும்படி. குறிப்பேட்டில் எடை எழுதவில்லை. நுழையும்போதும் கிளம்பும்போதும் பதற்றம் பத்துக்கு எவ்வளவு என்று மட்டும் எழுதினார். முதல் நாள் நுழையும்போது 8, ஐந்தாம் வாரக் கடைசியில் 4. ஜிம் உரிமையாளர்களே, சேர்ந்த அன்றே வரவேற்பறையில் எல்லோர் முன்னும் எடை மேடையில் ஏற்றி எண்ணைச் சத்தமாகப் படிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ரீல்ஸ் எடுப்பவர்களின் கேமராவில் மற்றவர் விழாமல் பார்ப்பதும் உங்கள் பொறுப்புதான்.

காலி நேரம் என்பது தொடங்குவதற்கு மட்டும். வருடக்கணக்கில் ஆளில்லாத நேரத்திலேயே வந்துகொண்டிருந்தால் கூட்டத்தைக் கண்ட பயம் அப்படியே இருக்கும். ஆறாம் வாரம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் 9.45-க்கு வந்தார். பதற்றம் 6-க்கு ஏறியது, இரண்டு வாரத்தில் மீண்டும் 4. அதன்பிறகே 9.15. நேரத்தை மாற்றும் வாரத்தில் பயிற்சியை மாற்றக் கூடாது.

இடையில் கல்யாணமோ காய்ச்சலோ வந்து ஒரு வாரம் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. திரும்ப வரும் முதல் நாள் பழைய காலி நேரத்துக்கு, ஒரு செட் மட்டும். அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்தே போகலாம். இரண்டு மாதம் ஆகியும் வாசலிலேயே பத்துக்கு 8 என்று நின்றால், அல்லது ஜிம்முக்கு வெளியிலும் இந்தப் பீதி வந்துகொண்டிருந்தால், எந்திரத்தை மாற்றிப் பயனில்லை. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், சிகிச்சையோடு சேர்ந்தே சைக்கிளும் ஓடட்டும்.