கால் ஏக்கர் சீஓ-3 புல்லுக்கு எத்தனை மாடு?

"மிஸ், கிணத்தடியில கால் ஏக்கர் சும்மா கிடக்கு. சீஓ-3 நட்டு வித்தா ஒரு பத்து மாட்டுக்காவது குடுக்கலாம்தானே?"

கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வரும். முதல் வருடத்தில் இரண்டு மாட்டுக்குத்தான் காணும் என்று சொன்னால் கேட்டவரின் முகம் சுருங்கிவிடும். ஆனாலும் அந்த இரண்டு மாட்டுக்கு நாள் தவறாமல் புல் கொடுக்க முடிந்தால் அது நிலையான வருமானம். பத்து மாட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு கிழமை புல்லை அள்ளிக் கொடுத்து, அடுத்த கிழமை கையை விரிக்கிறவரைத் தேடி யாரும் திரும்ப வருவதில்லை.

புல்லை வாங்குவது யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பட்டிக்காரர் வாங்க மாட்டார். மாரி வேளாண்மை தொடங்கியதும் அவர் மாட்டை மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் சாய்ப்பார், அறுவடை முடிந்ததும் வட்டைக்குள் விடுவார். காசு கொடுத்துப் புல் வாங்குகிறவர், ஊர்மனைக்குள் ஒன்றிரண்டு கலப்பின ஜெர்சியைக் கட்டி வைத்துப் பால் கறக்கிறவர்தான். மட்டக்களப்பு நகரை ஒட்டியும் ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற நெருக்கமான ஊர்களிலும் மாடு இருக்கும் வளவில் புல்லுக்கு இடம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் வயலெல்லாம் பயிர், வெறுந்தரையெல்லாம் வெள்ளம், மாட்டை அவிழ்த்துக் கட்ட ஒரு துண்டுத் தரை கிடைக்காது. ஆனி, ஆடியில் கச்சான் அடித்து எல்லாம் காய்ந்துபோகும். இந்த இரண்டு காலத்திலும் புல்லைத் தேடி ஆள் வரும். மாசி, பங்குனியில் வைக்கோலும் வயல் ஒட்டும் தாராளமாகக் கிடைப்பதால் கேள்வி விழுந்துவிடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். கால் ஏக்கர் என்றால் நாற்பது பேர்ச்சஸ், கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றர். கிணறு, வேலியோரம், நடைபாதை என்று கழித்தால் நடுவதற்கு 800 சதுர மீற்றர் மிஞ்சும். வரிசைக்கு வரிசை ஒரு மீற்றர், வரிசைக்குள் பற்றைக்குப் பற்றை அரை மீற்றர். 27 மீற்றர் நீளத்தில் 30 வரிசை வைத்தால் ஒரு வரிசைக்கு 54 பற்றை, மொத்தம் 1,620 பற்றை. எழுவான்கரை மணலில் முதல் வருடம், கிணற்று நீரும் ஓரளவு எருவும் இருந்தால், ஒரு வெட்டுக்கு ஒரு பற்றை ஒன்றரைக் கிலோ தரும் என்று வைப்பதே பாதுகாப்பு. படுவான்கரையின் நல்ல மண்ணில் இதைவிடக் கூடும். ஆனால் கூடுவதை நம்பி வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு வரிசைக்கு 81 கிலோ. ஒருமுறை வெட்டிய பற்றை மறுபடி வெட்டுக்கு வர 45 நாள் செல்லும். ஆக 30 வரிசையை 45 நாளுக்குப் பங்கிட்டால் மூன்று நாளைக்கு இரண்டு வரிசை, அதாவது நாளுக்கு 54 கிலோ. ஒரு மாட்டுக்கு 25 கிலோ என்றால் இரண்டு மாடு. கிலோ 15 ரூபா என்று பேச்சுக்கு வைத்தால் (உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்) நாளுக்கு 800 ரூபா சொச்சம். மோட்டர்ச் செலவும் உரமும் வெட்டுக்கூலியும் இதற்குள்தான். வீட்டில் ஒருவர் காலையில் வெட்டினால் கட்டும். கூலிக்கு ஆள் வைத்தால், இந்த அளவில் கூலி தின்றது போக மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

25 கிலோ கொடுத்தால் மாட்டின் வயிறு நிறைந்துவிடும் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிட வேண்டாம். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 25 கிலோவில் உலர்ந்த பொருளாக மாட்டுக்குப் போய்ச் சேர்வது நாலு, நாலரைக் கிலோ. 300 கிலோ எடையுள்ள கறவை மாடு ஒரு நாளைக்கு இதில் இரண்டு மடங்கு உலர்பொருள் தின்னும். மிச்சத்துக்கு வைக்கோல், வேலியில் நிற்கும் கிளிறிசீடியா இலை, தவிடு, புண்ணாக்கு எல்லாம் வேண்டும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால், பால் கூடவில்லை என்ற பழி உங்கள் புல்லின் தலையில் விழும்.

அநேகர் சறுக்குவது முதல் வெட்டில். ஐப்பசி மழைக்கு ஒரே நாளில் எல்லாத் துண்டையும் நடுவார்கள். மூன்று கணுத் தண்டில் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சரித்து நட்டால் பிடித்துவிடும். இந்தப் புல் விதையால் வராது, தண்டால்தான் வரும். முதல் வெட்டுக்கு 75 நாளளவில் ஆகும். அன்றைக்கு 30 வரிசையும் ஒன்றாய் நெஞ்சளவு நிற்கும்போது, நாளுக்கு 54 கிலோவுக்கு ஆள் பிடித்தவர் 2,400 கிலோவை எங்கே கொண்டுபோவார்? பயந்து எல்லாவற்றையும் வெட்டிப் போட்டால் அடுத்த 45 நாளுக்கு விற்க ஒன்றும் இருக்காது. அதற்கு நான் சொல்லும் வழி, கொஞ்சம் முந்தி 65ஆம் நாளே முதல் வரிசையில் கத்தியை வைத்து, மூன்று நாளைக்கு இரண்டு வரிசை என்ற ஒழுங்கிலேயே போவது. கடைசி வரிசைகளுக்கு வரும்போது நூறு நாள் தாண்டித் தண்டு முற்றியிருக்கும். அது மாட்டுக்கு உதவாது, நடுகைத் தண்டுக்கு அதுதான் வேண்டும். விடுபட்ட இடங்களை நிரப்பியதுபோக மிச்சத்தைப் புதிதாக நடுகிறவருக்கு விற்கலாம். ஒரு சுற்று முடிந்தால் வயது தானாகவே வரிசைப்பட்டுவிடும்.

முற்றிய புல்லை விற்கிற ஆசை எப்போதும் இருக்கும், நிறை கூடுமல்லவா. கொக்கட்டிச்சோலைப் பக்கம் புல் விற்கும் ஒரு அக்காவுக்கு இந்தப் பிரச்சினை வந்தது. "நிறையில ஒரு குறையும் இல்ல மிஸ், ஆனா அந்தத் தம்பி இனி வேணாம் எண்டுறார்" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு அந்தத் தம்பியின் மாட்டுக்காலைக்குப் போய், காலையில் தொட்டியைப் பார்த்தோம். முழ நீளத் தண்டுகள், பெருவிரல் தடிப்பு, இலை மட்டும் உரிந்து மாட்டின் எச்சில் காய்ந்து கிடந்தது. அள்ளித் தராசில் போட்டோம். முதல் நாள் கொண்டுவந்ததில் மூன்றிலொரு பங்கு அப்படியே மிஞ்சியிருந்தது. அந்தத் தம்பி காசு கொடுத்து வாங்கிக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார். புல்லின் வயதைக் கேட்டால் அறுபது நாளைத் தாண்டியிருந்தது. அடித்தண்டை வளைத்துப் பாருங்கள், மடிந்தால் சரி, சடக்கென்று முறிந்தால் நாள் பிந்திவிட்டது. வாங்குகிறவரின் தொட்டியை மாதத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பார்க்கிற புல்காரரை நான் அதிகம் கண்டதில்லை. பார்த்தால் தொழில் நிற்கும்.

கட்டுக் கணக்கில் விற்பதையும் விட்டுவிடுங்கள். கட்டு ஒருநாள் பெருக்கும், ஒருநாள் சிறுக்கும், சண்டைதான் மிச்சம். தொங்கு தராசு ஒன்று போதும். பனி காய்ந்தபின் வெட்டி, வெட்டிய இடத்திலேயே நிறுத்து எழுதுங்கள். வெயிலில் மத்தியானம் வரை கிடந்தால் நிறை இறங்கிவிடும், பிறகு யாருடைய கிலோ சரி என்று வாக்குவாதம்.

இனி மண். தன் மாட்டுக்குப் புல் வளர்க்கிறவரின் சாணி அவர் நிலத்துக்கே திரும்பும். புல் விற்கிறவர் வேலிக்கு வெளியே அனுப்பும் ஒவ்வொரு கட்டோடும் மண்ணின் சத்தும் போகிறது. ஒரு வரிசையின் 81 கிலோ புல்லோடு போகும் நைதரசனை ஈடுசெய்யவே ஏறக்குறைய அரைக் கிலோ யூரியா வேண்டும். பொட்டாசியம் அதைவிடக் கூடுதலாகப் போகும். அதற்கு யூரியா உதவாது. மணல் நிலத்தில் மூன்றாம், நாலாம் வெட்டோடு பற்றை மெலிந்து, கீழிலை பழுத்து, நுனியும் ஓரமும் கருகி வருவது இதனால்தான். அநேகர் அதைத் தண்ணீர் காணாத குறை என்று நினைத்து மோட்டரை இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடவிடுகிறார்கள், இருக்கிற சத்தும் கரைந்து கீழே இறங்கிவிடும்.

ஆகவே விலை பேசும்போதே சாணியையும் பேசுங்கள். புல் கொண்டுபோன உரப்பையிலேயே சாணி திரும்பி வரட்டும். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் போடும், ஊர்மனைக்குள் மாடு வைத்திருப்பவருக்கு அதை அகற்றுவதே தலையிடி. கிலோவுக்கு ஒரு ரூபா குறைத்துக்கூட இந்த உடன்பாட்டைச் செய்யலாம். மாட்டுக்காலை கழுவிய தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது, பொட்டாசியம் பெரும்பாலும் மூத்திரத்தில்தான் இருக்கிறது. சாணி வரும் தோட்டத்தில் யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாம், வெட்டிய வரிசைக்கு இரண்டு தடவையாகப் பிரித்துப் போடலாம்.

தண்ணீர் விடயத்தில் இரண்டே சொல். வாவியோரக் கிணறு ஆடியில் சவர்த்துப்போனால் இந்தப் புல் தாக்குப்பிடிக்காது. மார்கழி வெள்ளம் கிழமைக்கணக்கில் நிற்கும் பள்ளத்தில் அடி அழுகிவிடும், அங்கே பாரா புல்தான் சரி.

கடைசியாக, வாங்குகிறவரின் மாட்டின் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று. கடும் வறட்சியில் வாடிநின்ற புல்லுக்கு யூரியா போட்டு, மழை விழுந்து வானம் மூடிக் கிடந்தால், வேர் இழுக்கும் நைத்திரேற்றைப் புல் புரதமாக மாற்ற முடியாமல் தண்டில், அதிலும் அடித்தண்டில், தேக்கி வைத்துக்கொள்ளும். பார்வைக்குக் கரும்பச்சையாய், இதைவிட நல்ல புல் இல்லை என்று தோன்றும். பசித்த மாடு அதை நிறையத் தின்றால் சில மணித்தியாலங்களில் மூச்சு வாங்கும், தள்ளாடும், முரசு நீலம் கலந்த மண்நிறமாகும், இரத்தம் சொக்கலேட் நிறத்தில் வரும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிட்டால் ஊசியால் காப்பாற்ற வாய்ப்புண்டு, நாட்டு மருந்து பார்த்து நேரத்தைக் கடத்தினால் மாடு போய்விடும். யூரியாவை வெட்டிய கையோடும், இரண்டாம் தடவையை அடுத்த இரண்டு கிழமைக்குள்ளும் போட்டுவிடுங்கள். கடைசியாகப் போட்ட நாளிலிருந்து மூன்று கிழமை கடக்காத வரிசையில் கத்தி வைக்க வேண்டாம். வறட்சிக்குப்பின் முதல் மழை பெய்த கிழமையில், மற்ற நாளைவிட ஒரு சாண் மேலே விட்டு வெட்டி, பாதி வைக்கோலோடு கலந்து போடச் சொல்லுங்கள். வரிசை இலக்கம், வெட்டிய திகதி, யூரியா போட்ட திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்து, கேட்கிறவருக்குக் காட்டுங்கள்.