என்ட்ரோபி: செம்பூரில் வந்த 82 சதவீதம்

மும்பை செம்பூரில் எங்கள் கட்டட மொட்டை மாடியில் நின்றால், டிராம்பே பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். மூன்றாவது மாடியில் இருக்கும் பெண் மெக்கானிக்கல் டிப்ளமா இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் ஒரு கிராஃப் தாளோடு வந்தாள். நீராவி மின் நிலையத்தின் சுழற்சியை வெப்பநிலை–என்ட்ரோபி வரைபடமாக வரைந்து, கட்டங்களை எண்ணி, உள்ளே போகும் வெப்பத்தில் எத்தனை பங்கு வேலையாக வருகிறது என்ற திறனைக் கண்டுபிடித்திருந்தாள். "மாமா, 82 பர்சன்ட் வருது. சரியா?" என்று கேட்டாள்.

நிலக்கரி எரித்து நீராவியில் ஓடும் எந்த நிலையமும் பாதியைக்கூடத் தொடுவதில்லை. தப்பு நிச்சயம். ஆனால் அவள் கோடுகளைச் சரியாகவே போட்டிருந்தாள், எண்ணிக்கையிலும் பிழை இல்லை. பிழை இருந்தது அந்தச் சொல்லின் பொருளில். என்ட்ரோபி என்றால் என்ன என்று கேட்டேன். "ஒழுங்கின்மை" என்றாள். எல்லாரும் சொல்லும் பதில்தான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இந்த வரைபடத்தில் ஒரு கட்டத்தைக்கூட எண்ண முடியாது.

சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ், ஆண்டு 1865. கிரேக்கத்தில் 'ட்ரோப்பே' என்றால் திரும்புதல், ஒன்று இன்னொன்றாக மாறுதல். அதன் முன்னால் 'என்' சேர்த்து, 'எனர்ஜி' என்ற சொல்லுக்கு ஓசையில் நெருக்கமாக இருக்கும்படி வேண்டுமென்றே அமைத்தார். இரண்டும் நெருங்கிய உறவுள்ள அளவுகள் என்பது அவர் எண்ணம். அப்போது 'ஒழுங்கின்மை' என்ற பேச்சே இல்லை. மூலக்கூறுகளை எண்ணிப் பார்க்கும் அந்த விளக்கம் பின்னால் இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் வழியாக வந்தது. கிளாசியஸ் வைத்த பொருள் நேரடியானது: ஒரு பொருளுக்குள் மீளக்கூடிய விதத்தில், அதாவது அப்படியே திரும்ப நடத்தக்கூடிய விதத்தில், நுழையும் வெப்பத்தை, அது நுழையும்போது இருக்கும் தனி வெப்பநிலையால் வகுத்தால் வருவது என்ட்ரோபி மாற்றம்.

1000 கிலோஜூல் வெப்பம் 500 கெல்வினில் நுழைந்தால் என்ட்ரோபி 2 ஏறும். அதே 1000 கிலோஜூல் 1000 கெல்வினில் நுழைந்தால் 1 மட்டுமே ஏறும். இதை ஒரு வீட்டு மனையாக நினைத்துக்கொள்ளச் சொன்னேன். வெப்பம் மனையின் பரப்பு, வெப்பநிலை அதன் நீளம், என்ட்ரோபி அதன் அகலம். பரப்பை நீளத்தால் வகுத்தால் அகலம் வந்துவிடும். வெப்பத்துக்கு இப்படி ஓர் அகலம் உண்டு என்று கண்டதுதான் கிளாசியஸின் பெரிய காரியம். வெப்பநிலையை நெடுக்கிலும் என்ட்ரோபியைக் குறுக்கிலும் வைத்தால், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பே வெப்பமாகிவிடுகிறது.

அவளுடைய கணக்கு இது. பாய்லரில் 100 பார் அழுத்தம், நீராவி 500 டிகிரி செல்சியஸ். நீராவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சரில் 0.1 பார், அதாவது தண்ணீர் 45.8 டிகிரியில் கொதிக்கும் வெற்றிடம். எல்லாம் ஒரு கிலோ தண்ணீருக்கு. இடது கீழ் மூலையில், என்ட்ரோபி 0.65 இருக்கும் இடத்தில் தண்ணீர் தொடங்குகிறது. பம்ப் அதை 100 பாருக்குத் தள்ளுகிறது. அதற்கு 10 கிலோஜூல்தான் செலவு, படத்தில் கண்ணுக்கே தெரியாது. பிறகு கோடு பாய்லருக்குள் ஏறுகிறது: தண்ணீர் 311 டிகிரி வரை சூடாகிறது, அங்கே படுக்கைக் கோடாக ஆவியாகிறது, கடைசியில் சூப்பர்ஹீட்டரில் 500 வரை வலப்பக்கம் சாய்ந்தபடி எழும்புகிறது. அப்போது என்ட்ரோபி 6.60. டர்பைனில் நீராவி விரியும்போது வெப்பம் நுழைவதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. உராய்வு இல்லாத டர்பைன் என்றால் அகலம் மாறக் காரணமில்லை, கோடு நேர் கீழே விழும். கண்டென்சரில் 45.8 டிகிரியிலேயே வலமிருந்து இடமாகப் படுக்கைக் கோடு.

இப்போது 82 எப்படி வந்தது என்று பார்க்கலாம். வெளியேறும் வெப்பம் கண்டென்சர் கோட்டுக்குக் கீழே உள்ள செவ்வகம். அதன் அகலம் 6.60 கழித்தல் 0.65, கிட்டத்தட்ட 5.95. உயரத்தை அவள் 45.8 என்று எடுத்திருந்தாள், அச்சு 0 டிகிரி செல்சியஸில் தொடங்கியதால். பெருக்கினால் 273 கிலோஜூல். பாய்லர் கோட்டுக்குக் கீழேயும் அதே அச்சு வரைதான் எண்ணியதால், நுழைந்த வெப்பம் 1548 என்று வந்தது. 273 போக மீதிதான் அந்த 82 சதவீதம். ஆனால் மனையின் நீளத்தைத் தெருவின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது. எல்லைக் கல்லிலிருந்து அளக்க வேண்டும். வெப்பநிலைக்கு எல்லைக் கல் தனிச்சுழியம், செல்சியஸில் கழித்தல் 273. அங்கிருந்து அளந்தால் உயரம் 319 கெல்வின், செவ்வகம் 1898 கிலோஜூல். ஏழு மடங்கு. பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் இடம் மிச்சம் பிடிக்க அச்சின் அடிப்பகுதியை வெட்டிவிடுகின்றன. அதனால் கண்டென்சர் செவ்வகம் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரிகிறது. உண்மையில் படத்திலேயே மிகப் பெரிய பரப்பு அதுதான்.

புதுத் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு 100 கெல்வின், குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்கு என்ட்ரோபி 1 என்று வைத்துக்கொண்டோம். ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது 100 கிலோஜூல். பாய்லர் கோட்டுக்குக் கீழே தாளின் அடி வரை எண்ணினால் கிட்டத்தட்ட 31.7 கட்டங்கள்: உள்ளே நுழைந்த வெப்பம் 3173 கிலோஜூல். கண்டென்சருக்குக் கீழே 19. நடுவில் கோடுகள் வளைத்துப் பிடித்த இடம் 12.7 கட்டங்கள், 1275 கிலோஜூல். அதுதான் வேலையாக வெளியேறுவது. திறன் 40 சதவீதம்.

அவளை அதிகம் வியக்க வைத்தது அடுத்த கணக்கு. 3173ஐ 5.95ஆல் வகுத்தால் 533 கெல்வின், அதாவது 260 டிகிரி. வெப்பம் சராசரியாக நுழையும் உயரம் இதுவே. நீராவி 500ஐத் தொட்டாலும் சுழற்சியின் திறனைத் தீர்மானிப்பது இந்த 260தான். 319ஐ 533ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் அதே 40 சதவீதம் வருகிறது. உயரத்தைக் கீழே இழுப்பது எது என்று படத்தைப் பார்த்தாலே தெரியும்: இடது பக்கச் சரிவு. தண்ணீரைத் தண்ணீராகவே சூடாக்கும் அந்தப் பகுதியில் 1206 கிலோஜூல் நுழைகிறது, சராசரியாக 172 டிகிரியில். மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய 38 சதவீதம். உலையின் நெருப்பு ஆயிரம் டிகிரிக்கு மேல் எரிய, அதை இவ்வளவு குளிர்ந்த தண்ணீரில் கொட்டுகிறோம். அதனால்தான் நிஜ நிலையங்களில் டர்பைனின் நடுவிலிருந்து கொஞ்சம் நீராவியைப் பிரித்தெடுத்து, பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்குகிறார்கள். பிரித்தெடுத்த நீராவி கொடுத்திருக்கக்கூடிய வேலை கொஞ்சம் போகும். ஆனால் நெருப்பின் வெப்பம் நுழையும் உயரம் கூடுவதில் கிடைப்பது அதைவிட அதிகம்.

அடுத்த நாள் அவள் உராய்வுள்ள டர்பைனோடு வந்தாள். டர்பைனின் திறன் 85 சதவீதம். இப்போது கோடு நேரே விழாமல் வலப்பக்கம் சாய்ந்து, என்ட்ரோபி 7.20இல் தரை தொடுகிறது. கண்டென்சர் செவ்வகம் அகலமாகி 2091 கிலோஜூல் ஆகிறது. அவள் வழக்கம்போல வளைத்துப் பிடித்த பரப்பை எண்ணினாள். வேலை முன்பைவிடக் கூடியிருந்தது. "உராய்வு வந்தா வேலை கூடுமா மாமா?" என்று அவளே சந்தேகப்பட்டாள். அந்தச் சந்தேகம் வந்தவுடன் பாதிப் பாடம் முடிந்தது.

சாய்ந்த கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு, வெளியிலிருந்து நுழைந்த வெப்பம் கிடையாது. டர்பைனுக்குள் யாரும் அடுப்பு வைக்கவில்லை. நீராவி தனக்குள் உரசியும் சுழன்றும் உண்டாக்கிக்கொண்ட அகலம் அது. ஆகவே உராய்வு இருக்கும் படத்தில் வளைத்த பரப்பை நம்பக் கூடாது. பாய்லர் கோட்டுக்கும் கண்டென்சர் கோட்டுக்கும் கீழே உள்ள பரப்புகளை மட்டும் தனித்தனியே எண்ணிக் கழிக்க வேண்டும்: 3173 கழித்தல் 2091, அதாவது 1082. திறன் 34 சதவீதம். இழந்த 193 கிலோஜூலையும் படத்திலேயே காட்டலாம். என்ட்ரோபி கூடிய 0.60ஐ 319ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட அதுதான். கண்டென்சர் செவ்வகத்தின் வலது ஓரத்தில் புதிதாக ஒட்டிக்கொண்ட பட்டை. இப்படி மீளாத மாற்றத்தைப் புள்ளிக் கோடாக வரைவார்கள். 'இதன் கீழே எண்ணாதே' என்று அதற்கு அர்த்தம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பள்ளிப் பாடநூல்களில் 'என்ட்ரோபி' என்றே இருக்கிறது. 'சிதறம்' என்ற சொல்லும் எழுத்தில் புழங்குகிறது. சிதறு என்ற வேரிலிருந்து வந்தது, ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒழுங்கின்மைப் பொருளிலிருந்து பிறந்த சொல். கண்டென்சரில் என்ட்ரோபி 5.95 குறைகிறது, அங்கே 'சிதறம் குறைகிறது' என்றால் ஏதோ நல்லது நடப்பதுபோல் தோன்றும். நடப்பதோ 1898 கிலோஜூல் கடல் தண்ணீருக்குப் போவது.

கிரேக்க வேருக்கு நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: திரி. திரும்புதலும் அதுதான், மாறுதலும் அதுதான். இலக்கணத்தில் புணர்ச்சி விகாரங்கள் தோன்றல், திரிதல், கெடுதல். வீட்டில் பால் திரிந்துபோகும். திரிந்த பால் திரும்பப் பாலாகாது. டர்பைனின் சாய்ந்த கோட்டைச் சொல்ல இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. சங்கடம் என்னவென்றால், இயற்பியல் பாடத்தில் 'திரிபு' ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. தகைவு, திரிபு என்று கம்பி நீள்வதைச் சொல்லும் இடத்தில் அதை வைத்துவிட்டார்கள். ஒரே மாணவர் ஒரே ஆண்டில் இரண்டையும் படிப்பார். அதனால் அளவின் பெயராக 'என்ட்ரோபி' இருக்கட்டும், உராய்வில் புதிதாக உண்டாகும் பகுதியைப் பேசும்போது 'திரிதல்' என்று வினையாகச் சொல்லலாம் என்பது என் முடிவு. கண்டென்சரில் என்ட்ரோபி வெளியேறுகிறது, டர்பைனில் நீராவி திரிகிறது. இரண்டும் வேறு என்பது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. படித்ததெல்லாம் மும்பையில். குறுக்கு அச்சின் கீழே அலகோடு என்ட்ரோபி என்று எழுதிவிட்டு, புள்ளிக் கோட்டின் பக்கத்தில் தேவநாகரி எழுத்தில், பாட்டி சமையலறையில் சொல்வதுபோலவே, 'திரிஞ்சிடுச்சு' என்று எழுதிக்கொண்டாள்.