பிகு வரி: சொல்லும் பொருளும்

பொருளியல் நூல்களில் 'பிகு வரி' என்றும் 'பிகூவியன் வரி' என்றும் எழுதப்படும் சொல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் செசில் பிகுவின் (1877–1959) பெயரால் அமைந்தது. ஒருவருடைய உற்பத்தியோ நுகர்வோ, அந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கில்லாத பிறர்மேல் சுமத்தும் இழப்பை எதிர்மறைப் புறவிளைவு என்கிறோம். இன்னும் ஓர் அலகு கூடும்போது அந்த இழப்பு எவ்வளவு கூடுகிறதோ அதுவே இறுதிநிலைப் புறச்செலவு. அதற்குச் சமமாக விதிக்கப்படும் வரியே பிகு வரி.

இந்தப் பெயரைப் பிகு தாமே சூட்டிக்கொள்ளவில்லை; பின்வந்தோர் இட்டது. 1920இல் வெளியான 'நலப் பொருளியல்' என்ற நூலில், தனியாருக்குக் கிடைக்கும் இறுதிநிலைப் பயனும் சமூகத்துக்குக் கிடைக்கும் இறுதிநிலைப் பயனும் வேறுபடும் இடங்களை அவர் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று ஆலைப் புகை. மான்செஸ்டர் நகரின் காற்று மாசு ஆலோசனைக் குழு 1918இல் நடத்திய ஆய்வை அவர் அங்கே எடுத்துக்காட்டுகிறார். புகை சூழ்ந்த மான்செஸ்டரில் துணி துவைக்கும் செலவைத் தூய காற்றுள்ள ஹாரோகேட் நகரின் செலவோடு ஒப்பிட்டபோது, மான்செஸ்டர்க் குடும்பம் ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஏழரைப் பென்னி கூடுதலாகச் செலவிட்டது தெரிந்தது. நகர் முழுவதற்கும் அது ஆண்டுக்குச் சுமார் 2,90,000 பவுண்டு. இந்தத் தொகை எந்த ஆலையின் கணக்கேட்டிலும் ஏறவில்லை. சலவைத் தொட்டியருகே நின்ற பெண்களே அதைச் சுமந்தார்கள்.

ஆனால் இத்தொகையை உற்பத்தியால் வகுத்துக் கிடைப்பதை வரியாக்கினால் அது பிகு வரி ஆகாது. வகுத்துக் கிடைப்பது சராசரி. வரிக்கு வேண்டியது இறுதிநிலை. அதுவும் எந்த அளவு உற்பத்தியில் கணக்கிட்ட இறுதிநிலை என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நூற்பாலை நகரில் ஒரு கட்டு நூல் 60 பென்னிக்கு விற்கிறது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கட்டு உற்பத்தியாகிறது. போட்டிச் சந்தை ஆதலால் கடைசிக் கட்டுக்கு வாங்குவோர் தர விரும்பும் விலையும் ஆலையின் செலவும் அந்த 60 பென்னியிலேயே சந்திக்கின்றன. உற்பத்தி ஆயிரம் கட்டு குறையும்தோறும் கடைசிக் கட்டுக்குத் தர விரும்பும் விலை ஒரு பென்னி ஏறும், செலவு ஒரு பென்னி இறங்கும் என்று கொள்வோம். 40 ஆயிரம் என்ற அளவில் கடைசிக் கட்டின் புகை ஊராருக்கு 20 பென்னி இழப்பைத் தருகிறது. ஆயிரம் கட்டு குறையும்தோறும் இந்த இழப்பு அரைப் பென்னி குறைகிறது.

உற்பத்தி 32 ஆயிரமாகும்போது வாங்குவோர் மதிப்பு 68, ஆலைச் செலவு 52, இரண்டுக்கும் இடைவெளி 16 பென்னி. அங்கே புகையின் இறுதிநிலை இழப்பும் 16 பென்னிதான். அதற்கு மேல் நூற்கும் ஒவ்வொரு கட்டும் தரும் பயனைவிட விளைக்கும் கேடு பெரிது; அதற்குக் கீழே குறைத்தால் தவிர்க்கும் கேட்டைவிட இழக்கும் பயன் பெரிது. ஆகவே திறன்மிகு அளவு 32 ஆயிரம், சரியான வரி 16 பென்னி. வாங்குவோர் 68 தருவர், ஆலை 52 பெறும், இடைப்பட்டது அரசுக்குச் சேரும்.

இன்று காணும் கேட்டை அளந்து 20 பென்னி வரி விதித்தால், இடைவெளி 20 ஆகும்வரை, அதாவது 30 ஆயிரம் கட்டுவரை, உற்பத்தி சுருங்கும். அங்கே கேடு 15 பென்னியே. வரி கேட்டை மிஞ்சிவிட்டது என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடும். புறச்செலவு எல்லா அளவிலும் மாறாதிருந்தால் மட்டுமே இன்றைய அளவீடு நேராகப் பொருந்தும். திறன்மிகு அளவிலும் புகை அறவே நீங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். புகையே கூடாது என்போருக்கு இந்த வரி துணைநிற்காது.

தமிழில் இதைத் 'தண்ட வரி' என்று சொல்வது பொருந்தாது. தண்டம் குற்றத்துக்கு உரியது. இங்கே ஆலை சட்டத்தை மீறவில்லை, தான் பிறர்மேல் போட்ட செலவைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவே. 'இழப்பீட்டு வரி' என்பதும் சரியன்று: வசூலாகும் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்குப் போகவேண்டும் என்ற நிபந்தனை பிகு வரியின் வரையறையில் இல்லை, அளவைத் திருத்துவது வரியின் விகிதமே. 'திருத்த வரி' ஏற்கத்தக்கது என்றாலும் எதைத் திருத்துகிறது என்று சொல்லாமல் விடுகிறது. 'புறச்செலவு வரி' என்பதையே நான் தேர்வேன். எதன்மேல், எவ்வளவு என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

மேற்கண்ட கணக்கில் ஒரு கட்டுக்கு இவ்வளவு புகை என்பது மாறாதது என்று கொண்டதால்தான் நூலின்மேல் வரி போட முடிந்தது. உண்மையில் நல்ல நிலக்கரியும் சீரான உலையும் புகையைக் குறைக்கும். அப்படியிருக்க நூலுக்கு வரி விதித்தால் உலையைச் செப்பனிட்ட ஆலையும் செப்பனிடாத ஆலையும் ஒரே தொகையைக் கட்டும். செப்பனிட யாருக்கும் காரணம் இராது. எனவே புகையை அளக்க முடிகிற இடத்தில் வரி புகையின்மேலேயே விழவேண்டும்.