தொண்டையிலிருந்து விழும் வெள்ளைப் பருக்கை

கைப்பையிலிருந்து ஒரு பொட்டு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார் அந்தப் பெண். வயது இருபத்தாறு, ஜவுளிக்கடை பில்லிங் கவுண்டரில் வேலை. டப்பாவுக்குள் டிஷ்யூ காகிதம், அதற்குள் அரிசி நொய் அளவுக்கு மஞ்சள் பாய்ந்த வெள்ளைத் துணுக்கு ஒன்று. "காலையில இருமினப்போ விழுந்துச்சு டாக்டர். நசுக்கிப் பார்த்தேன், அந்த நாத்தம் கையை விட்டே போகல. உள்ள ஏதோ அழுகுதோன்னு பயமா இருக்கு."

எட்டு மாதமாக இப்படி வருகிறதாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு தடவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறார். வாடிக்கையாளர் கிட்டே வந்தால் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டப் பழகிவிட்டார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்தேன். வலது டான்சிலின் மேல்பக்கம் இன்னொரு வெள்ளைத் துணுக்கு ஒரு குழியின் வாயில் எட்டிப்பார்த்தது. அதற்குக் கீழே நீளமாக ஒரு சிவந்த கீறல். "இது எப்படி வந்தது?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹேர்பின்னால நோண்டினேன்" என்றார்.

அந்த வெள்ளைத் துணுக்கு டான்சில் கல். அதனால் அவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. ஹேர்பின்தான் என்னைக் கவலைப்பட வைத்தது.

முதலில் கல் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். நாக்கின் அடிப்பகுதிக்கு இரண்டு பக்கமும், உள்நாக்குக்கு வலமும் இடமுமாக இருக்கும் சதைத் திரட்சிதான் டான்சில். (நடுவில் தொங்கும் உள்நாக்கையே டான்சில் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.) அதன் மேல்பரப்பு வழவழப்பானது அல்ல. உள்ளே கிளை கிளையாய்ப் போகும் சின்னச் சின்னக் குழிகள் அதில் உண்டு. வாய் வழியாக வரும் கிருமிகளை எதிர்ப்புச் செல்கள் கண்டறிய அதிகப் பரப்பு வேண்டும் என்பதற்காக அமைந்த குழிகள் அவை. அந்த நல்ல ஏற்பாட்டின் பக்கவிளைவுதான் கல்.

வாயின் உட்தோலும் உடம்புத் தோலைப் போலவே தினமும் உதிர்கிறது. உதிர்ந்த செல்கள், சளி, சாப்பாட்டுத் துகள் எல்லாம் குழிக்குள் போய்த் தங்குகின்றன. குழியின் அடியில் காற்று குறைவு. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களுக்கு அது வசதியான இடம். அவை அங்கே தங்கியிருக்கும் புரதத்தைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்கள் வெளிவருகின்றன. அழுகிய முட்டை வாடை என்று சொல்கிறோமே, அது இந்த வாயுவின் வாடை. நாளாக ஆக எச்சிலில் உள்ள கால்சியம் அதன் மேல் படிந்து இறுகுகிறது. சிலருக்குத் தயிர்க்கட்டி மாதிரி மெத்தென்றும், சிலருக்கு உண்மையிலேயே கல் மாதிரியும் இருப்பது இதனால்தான்.

அடிக்கடி டான்சில் வீங்கி ஆறியவர்களுக்குக் குழிகள் ஆழமாகவும் வாய் குறுகியும் போய்விடுவதால் உள்ளே போனது எளிதில் வெளியே வராது. மூக்கின் பின்பக்கம் எப்போதும் சளி வடிகிறவர்களுக்கும், வாயால் மூச்சு விட்டுத் தூங்குகிறவர்களுக்கும் தொல்லை கூடுதல். பல் தேய்க்காததால் வருகிறது என்று யாராவது சொன்னால் முழுக்க நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஒழுங்காகத் தேய்க்கிறவர்களுக்கும் வருகிறது.

ஆன்டிபயாடிக் ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் கேட்டார். அந்தப் பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான ஒரு படலத்துக்குள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மருந்து அதற்குள் சரியாகப் போய்ச் சேராது. கொஞ்சம் அடங்கினாலும் குழி அப்படியேதான் இருக்கும், மறுபடி நிரம்பும். காய்ச்சலும் வலியும் இல்லாத வெறும் டான்சில் கல்லுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை.

இனி அந்த ஹேர்பின். டான்சில் ரத்த ஓட்டம் நிறைந்த சதை. லேசாகக் கிழிந்தாலும் ரத்தம் நிற்க நேரமாகும், புண்ணில் கிருமி ஏறினால் சீழ் கட்டலாம். கழுத்து வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் அதற்கு ரொம்பத் தொலைவில் இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது திடீரென்று குமட்டினால் கை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊக்கு, பல்குத்தி, தீக்குச்சி, விரல் நகம் எதுவுமே வேண்டாம்.

அவருக்கு நான் சொன்னது இதுதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. ஒரு வாய் எடுத்து, தலையை நன்றாக அண்ணாந்து, "ஆ" என்று சத்தம் வரக் கொப்பளிக்க வேண்டும். பலர் கன்னத்துக்குள் தண்ணீரைச் சுழற்றித் துப்பிவிட்டு முடித்துவிடுகிறார்கள், அது டான்சிலைத் தொடுவதேயில்லை. தொண்டையில் களகளவென்று கேட்டால்தான் தண்ணீர் அங்கே போகிறது என்று அர்த்தம். அரை நிமிடம் செய்து துப்பிவிட்டு, டம்ளர் காலியாகும்வரை திரும்பச் செய்யலாம். சாப்பாட்டுக்குப் பிறகு செய்வது நல்லது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கட்டாயம். கூடவே நாக்கின் பின்பகுதியை வழிப்பதும், தொண்டை காயாதபடி அடிக்கடி தண்ணீர் குடிப்பதும். அவருக்கு மூக்கடைப்பும் இருந்தது, அதற்குத் தனியாக மருந்து எழுதினேன்.

கல் குழியின் வாயிலேயே தெரிந்தால், குமட்டல் அதிகம் இல்லாதவர்கள் நனைத்த பட்ஸால் ஒரு முயற்சி செய்யலாம். குழிக்குள் குத்தக்கூடாது. டான்சிலுக்கு முன்னால் திரைபோல் இருக்கும் மடிப்பை மெதுவாக அழுத்தினால், பருவிலிருந்து வெண்மை வருவதுபோல் கல் தானே பிதுங்கி வரும். வரவில்லையா, விட்டுவிடுங்கள். துளி ரத்தம் பட்டாலும் நிறுத்திவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். குழந்தைகளுக்கும் வீட்டில் செய்யக்கூடாது.

"டான்சிலையே எடுத்துட்டா?" என்று கேட்டார். எடுத்தால் கல் வராது, உண்மைதான். ஆனால் பெரியவர்களுக்கு அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பத்துப் பதினாலு நாள் விழுங்கவே வலிக்கும், ஒரு வாரம் கழித்துக்கூட ரத்தக்கசிவு வரலாம். மாதக்கணக்கில் கொப்பளித்தும் தீராமல் நாற்றமும் உறுத்தலும் வாழ்க்கையையே கெடுக்கும்போதுதான் அந்தப் பேச்சு. அதற்கு முன் பல் டாக்டரிடம் ஈறையும் பார்க்க வேண்டும். வாய் நாற்றத்துக்கு நாக்குப் படிவும் ஈறு நோயும்தான் பெரும்பாலும் காரணம், டான்சிலை எடுத்த பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் கல் இல்லை. காய்ச்சல், விழுங்கும்போது கடும் வலி, இரண்டு பக்கமும் வெள்ளைப் படலம் என்றால் அது தொற்று. வாயைத் திறக்கவே முடியாமல் எச்சில் வடிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கலாம். ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவது, ஆறாத புண், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி இவற்றில் ஏதாவது மூன்று வாரத்துக்கு மேல் இருந்தால் காட்டிவிட வேண்டும். புகையிலை, பான் போடுகிறவர்கள் என்றால் அத்தனை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு இதில் எதுவுமே இல்லை. இரண்டு டான்சிலும் ஒரே அளவு, கழுத்தில் கட்டி இல்லை.

ஆறு வாரம் கழித்து வந்தபோது கீறல் ஆறியிருந்தது. இந்தத் தடவை பொட்டு டப்பா இல்லை. "ஒண்ணுதான் வந்துச்சு டாக்டர். கொப்பளிக்கும்போது வாஷ்பேசின்ல விழுந்துச்சு, குழாயைத் திறந்து விட்டுட்டேன்" என்றார்.