போலி ஆக்கிரமிப்பு அன்று, பொய்ச்சண்டை

உளவியல் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தை அண்மையில் மெய்ப்புப் பார்க்க நேர்ந்தது. நண்பர்கள் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு சிரிப்பதைப் பற்றிய பகுதியில், ‘இந்தப் போலி ஆக்கிரமிப்பில் இருவரும் மகிழ்ச்சி அடைகின்றனர்’ என்று ஒரு வரி இருந்தது. யாருடைய நிலத்தை யார் வளைத்துப் போட்டார்கள் என்று முந்தைய பத்தியில் தேடிய பிறகுதான், விளையாட்டாகத் தாக்குவதைக் குறிக்கும் ‘மாக் அக்ரெஷன்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு இதைப் போட்டிருக்கிறார்கள் என்பது விளங்கியது. இதே தொடரை ஓர் உரையில் முன்பே கேட்டிருக்கிறேன், ஒரு பாட நூலிலும் பார்த்திருக்கிறேன். மூன்றாம் முறையும் கண்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அக்ரெஷன்’ என்ற சொல் ‘ஒன்றை நோக்கி அடியெடுத்து வைத்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆக்கிரமிப்பு என்பதன் வடமொழி வேரும் அடியெடுத்து வைத்தலையே குறிக்கும். மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டால் இந்த ஒற்றுமையைப் பெருமையாகக் காட்டுவார். ஆனால் வேர் ஒன்றாக இருப்பதால் கிளையும் ஒன்றாகிவிடாது. தமிழில் ஆக்கிரமிப்பு என்பது பிறருடைய இடத்தைக் கவர்ந்துகொள்வது என்றே நிலைத்துவிட்டது. உளவியலில் ‘அக்ரெஷன்’ என்பதன் உயிர்நாடி வேறு: தீங்கைத் தவிர்க்க விரும்பும் இன்னொருவருக்குத் தெரிந்தே தீங்கு செய்ய முனைவது. இதில் இடமும் இல்லை, கவர்தலும் இல்லை. ‘தாக்கும் போக்கு’ என்று சொன்னாலே போதும்.

இதைவிடப் பெரிய பிழை ‘போலி’யில் இருக்கிறது. போலி மருத்துவர், போலி ஆவணம், போலிச் சான்றிதழ் என்னும் தொடர்களில் எல்லாம் ஒருவருக்கு உண்மை தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தெரியாதவர் ஏமாந்தால்தான் போலிக்குப் பிழைப்பு. பொய்க்கோபம் அப்படியன்று. அதில் கோபிப்பவருக்கும் அது பொய் என்று தெரியும், கோபத்துக்கு ஆளானவருக்கும் தெரியும், இருவருக்கும் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். பொய்க்கால் குதிரையைப் பார்ப்பவர் யாரும் அதை உண்மைக் குதிரை என்று நம்பி ஏமாறுவதில்லை. பொய்ச்சாட்சி ஏமாற்றத்தானே செய்கிறது என்று ஒருவர் மடக்கலாம், அது சரியே. ஆயினும் ‘பொய்’ என்ற அடை ஏமாற்றுக்கும் வரும், கூடியாடும் பாவனைக்கும் வரும். ‘போலி’க்கு அந்த இரண்டாவது இடம் இன்றைய வழக்கில் கிட்டவில்லை.

இந்த வேறுபாட்டை நான் வெறும் சொல்நயத்துக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, இதைப் பற்றிய கோட்பாடே இதன்மேல்தான் நிற்கிறது. மானிடவியலாளர் கிரெகரி பேட்சன் 1952இல் சான் பிரான்சிஸ்கோ விலங்குக் காட்சிசாலையில் இரண்டு குரங்குக் குட்டிகள் மல்லுக்கட்டுவதைக் கண்டார். பார்ப்பவருக்கு மட்டுமன்றி அந்தக் குட்டிகளுக்குமே அது சண்டையில்லை என்று தெரிந்திருந்தது. ‘இது விளையாட்டு’ என்ற செய்தியைச் சண்டையின் அசைவுகளோடு சேர்த்தே அவை பரிமாறிக்கொள்கின்றன என்று 1955இல் அவர் எழுதினார். செல்லக்கடி கடியைச் சுட்டும், ஆனால் கடி எதைச் சுட்டுமோ அதைச் சுட்டாது என்பது அவர் வாதம். எலிகளிடம் இந்த வேறுபாடு உடலிலேயே தெரியும். விளையாட்டில் அவை ஒன்றன் பிடரியை முகர்ந்து உரசப் பாயும், உண்மைச் சண்டையிலோ விலாவுக்கும் பின்புறத்துக்கும் கடி விழும். ஆகவே விளையாட்டில் நடப்பது வேகம் குறைந்த தாக்குதல் அன்று, குறியே வேறு.

சொற்சண்டையிலும் குறி வேறுதான். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்கள் ஒருவரையொருவர் வசைபாடிப் போட்டியிடுவதை மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஆராய்ந்து, 1972இல் ஒரு தெளிவான அளவுகோலைத் தந்தார். இருவரும் ஆட்டமாகவே எடுத்துக்கொள்ளும் சடங்கு வசைக்குப் பதில் இன்னொரு வசை, ஒருவரை மெய்யாகவே குறிவைக்கும் சொந்த வசைக்குப் பதில் மறுப்போ சாக்கோ. வசை எந்தக் கணத்தில் திசை மாறியது என்பதை வசையில் தேடுவதைவிடப் பதிலில் தேடுவது எளிது.

இரண்டு தோழிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி அரை மணி தாமதமாக வருகிறாள்.

“வாடி, ஆமைகூட இந்நேரம் வந்து ஒரு தூக்கம் போட்டிருக்கும்.”

“ஆமைக்கென்ன, வந்து உன் மூஞ்சியில் முழிக்க வேண்டியதில்லையே.”

இது பொய்ச்சண்டை. பாய்ச்சல் பிடரிக்கே வந்தது, பிடரிக்கே திரும்பியது. இரண்டாமவள் இதற்குப் பதிலாக, “இல்லை, குழந்தைக்குக் காய்ச்சல், விட்டு வர முடியவில்லை” என்று சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். முதலாமவளின் சொற்கள் அதே சொற்கள்தாம். ஆனால் அவை இப்போது ஒரு குற்றச்சாட்டு, அவளுக்கு வந்தது ஒரு விளக்கம். ஆமையோடு ஒப்பிடுவது யாரும் நம்பாத மிகை என்பதால் எளிதில் எதிர்வசை பிறந்தது. ‘உனக்கு எப்போதுமே பொறுப்பில்லை’ என்றிருந்தால் அது மெய்யாக இருக்கக்கூடும், ஆகவே மறுக்க வேண்டியிருக்கும். வசை எவ்வளவு நடவாததாக இருக்கிறதோ அவ்வளவு பத்திரமானது என்பது லபோவ் கண்ட உண்மை.

இதில் இன்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலாளர் மைக்கேல் ஆப்டரின் விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உடலின் கிளர்ச்சி ஒன்றேதான். தன்னைச் சுற்றிப் பாதுகாப்பான வேலி இருக்கிறது என்று மனம் உணர்ந்தால் அது உற்சாகமாகிறது, வேலி இல்லையென்றால் பதற்றமாகிறது. பொய்ச்சண்டையில் வசை கிளர்ச்சியைக் கொடுக்கிறது, நட்பு வேலியாக நிற்கிறது. இதைப் போலி என்று சொன்னால் வேலியே மறைந்துபோகும்.

கேலி என்று எழுதிவிடலாமே என்பார்கள். அதன் மூலப்பொருள் விளையாட்டுத்தான் என்பது உண்மை, ஆனால் இன்றைய கேலிக்கு எதிராளி திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, ஊரே கூடி ஒருவரைக் கேலி செய்யலாம். எள்ளலும் உதவாது. தொல்காப்பியம் நகை பிறக்கும் நான்கு இடங்களில் அதையும் சொல்கிறது என்றாலும் அதில் இகழ்ச்சியின் நிழல் உண்டு. ‘சொற்போர்’ என்றால் மேடை ஞாபகம் வரும். (‘வாய்வழி விளையாட்டு வன்முறை’ என்று எழுதியவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டச்சு செய்திருப்பார்.)

என் பரிந்துரை இதுதான்: இருவர் கூடி ஆடும் முழு ஆட்டத்துக்குப் பொய்ச்சண்டை, அதில் ஒருவர் எறியும் முதல் சொல்லுக்குச் சீண்டல். சீண்டு என்ற வினை தொட்டுக் கிளறிவிடுவதைக் குறிப்பது, பதிலை எதிர்பார்ப்பது. அதோடு சீண்டல் அன்பாகவும் இருக்கலாம், தொல்லையாகவும் இருக்கலாம் என்ற இருமையை அது மறைப்பதில்லை. அந்த இருமை உண்மையானது. ஜஸ்டின் க்ரூகரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டியவர்கள் தங்கள் நல்லெண்ணம் எதிராளிக்கும் தெரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள், சீண்டப்பட்டவர்களுக்கோ அந்த எண்ணம் அவ்வளவாகத் தெரியவில்லை. ‘சும்மா சொன்னேன்’ என்பது சொன்னவர் காதில் மட்டும் பலமாக ஒலிக்கிறது.

ஆகவே அந்தக் கட்டுரையில் திருத்தம் இப்படிப் போனது: ‘இந்தப் பொய்ச்சண்டையில் இருவரும் மகிழ்கின்றனர்.’ நான்கு பக்கம் தள்ளி, எதிராளி அழுதுவிடும் ஓர் எடுத்துக்காட்டிலும் மூலத்தில் அதே ஆங்கிலச் சொல் இருந்தது. அங்கே பொய்ச்சண்டை என்று போடவில்லை, சீண்டல் என்றே போட்டேன்.