சொல் விளக்கம்: எலிமினேஷனும் தேறாத லாபமும்

சிங்கப்பூரில் ஒரு குழுமத்தின் ஆண்டுக் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் வேலையில் இருப்பவர்கள், தமிழில் பேசிக்கொள்ளும்போதும் ‘எலிமினேஷன் போட்டாச்சா?’ என்றுதான் கேட்பார்கள். இலத்தீனில் ‘லிமென்’ என்றால் வாசற்படி. ‘எலிமினாரே’ என்பது வாசற்படிக்கு வெளியே தள்ளுவது. குழும நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட விற்பனையையும் அதன் லாபத்தையும் ஒன்றுசேர்த்த கணக்கிலிருந்து எடுத்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தமிழில் ‘நீக்கம்’ போதும். ‘கழிவு’ வேண்டாம், வணிகத் தமிழில் அது விலைக்குறைப்பு.

சிக்கல் அடுத்த சொல்லில்தான். ‘அன்ரியலைஸ்டு பிராஃபிட்’ என்பதை ‘உணரப்படாத லாபம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே யாரும் எதையும் உணரத் தவறவில்லை. கணக்கியலில் ‘ரியலைஸ்’ என்பது மெய்யாக்குவது, அதாவது பொருளை விற்றுக் காசாக்குவது. ‘ஈட்டப்படாத’ என்பதும் சரியில்லை. முன்பணமாக வந்து இன்னும் வேலை முடியாத வருமானத்துக்கு அது தேவைப்படுகிறது. நம்மிடம் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘பழைய பேப்பரைப் போட்டால் எவ்வளவு தேறும்?’ என்கிறோமே, அந்தத் ‘தேறுதல்’. ஆகவே, தேறாத லாபம்.

எது தேறவில்லை? பருப்பு இறக்குமதி செய்யும் ஒரு தாய் நிறுவனம், தேக்காவில் ஒரு கடை நடத்தும் துணை நிறுவனத்தை முழுதாக வைத்திருக்கிறது என்று கொள்வோம். 80,000 வெள்ளி அடக்கமான சரக்கை, அடக்கத்தின் மேல் 25% வைத்து 100,000 வெள்ளிக்குக் கடைக்கு விற்கிறது. கடை அதில் 70 விழுக்காட்டை வாடிக்கையாளர்களிடம் 90,000 வெள்ளிக்கு விற்றுவிட்டது. ஆண்டு முடிவில் கடை ஏட்டில் 30,000 வெள்ளிச் சரக்கு மிச்சம். குழுமத்தை ஒரே வீடாகப் பார்த்தால், அந்த மூட்டைகள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத்தான் போயிருக்கின்றன. அவற்றின் அடக்கம் 24,000. மீதி 6,000 வெள்ளி தேறாத லாபம்.

இந்த 6,000ஐக் கணக்கிடுவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 25% என்று கேட்டவுடன் 30,000ஐ அதனால் பெருக்கி 7,500 என்று எழுதிவிடுவார்கள். 25% என்பது அடக்கத்தின் மேல். கையில் இருக்கும் 30,000 விற்பனை விலை. விற்பனை விலையில் லாபம் 25/125, அதாவது 20% மட்டுமே. விலைப்பட்டியலில் அடக்கத்தின் மேல் வைக்கும் ‘மார்க்கப்’ என்றிருக்கிறதா, விற்பனை விலையில் பார்க்கும் ‘மார்ஜின்’ என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு பதிவுகள். முதலில் விற்பனையில் 100,000 பற்று, விற்ற சரக்கின் அடக்கத்தில் 100,000 வரவு. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் இது முழுத் தொகைக்குத்தான். அடுத்து, விற்ற சரக்கின் அடக்கத்தில் 6,000 பற்று, சரக்கிருப்பில் 6,000 வரவு. சரிபார்க்க எளிய வழி உண்டு. இரு நிறுவனங்களின் அடக்கம் 80,000 + 70,000 = 150,000. அதில் 100,000 போய், 6,000 சேர்ந்தால் 56,000. உண்மையில் வெளியே போன 70% சரக்கின் மூல அடக்கமும் 80,000இல் 70%, அதே 56,000. விற்பனையில் நிற்பது வாடிக்கையாளர் கொடுத்த 90,000 மட்டும். லாபம் 40,000 இல்லை, 34,000.

வரியை மறந்துவிடாதீர்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வரி கட்டுகிறது. தாய் நிறுவனம் தன் 20,000 லாபத்துக்கும் வரிக்கணக்கு காட்டிவிட்டது. அதில் குழுமத்துக்கு இன்னும் தேறாத 6,000க்கு 17% வீதம் 1,020 வெள்ளியை ஒத்திவைத்த வரிச் சொத்தில் பற்று வைத்து, வரிச் செலவில் வரவு வைக்க வேண்டும். விகிதம், சரக்கை வைத்திருக்கும் நிறுவனத்துடையது. கடை ஜோகூரில் இருந்தால் மலேசிய விகிதம்.

துணை நிறுவனத்தில் வெளியாருக்கு 20% பங்கு இருந்து, அது தாய்க்கு விற்றிருந்தால், நீக்கும் லாபத்தில் 20% அவர்களுடைய லாபப் பங்கிலிருந்து குறையும். தாய் விற்றால் அந்தப் பேச்சே இல்லை.

இந்த நீக்கங்கள் இரு நிறுவனங்களின் ஏட்டிலும் ஏறுவதில்லை. ஒன்றுசேர்க்கும் பணித்தாளில் மட்டுமே வாழ்கின்றன. அதனால் மறு ஆண்டு பணித்தாளைத் திறக்கும்போது அவை இருக்காது. அந்த மூட்டைகள் விற்றுப்போன ஆண்டில் பகிரா லாபத் தொடக்க இருப்பில் 6,000 பற்று, விற்ற சரக்கின் அடக்கத்தில் 6,000 வரவு என்று எழுதினால்தான் லாபம் தேறிய ஆண்டில் வந்து சேரும். வரிக்கும் அப்படியே: வரிச் செலவில் 1,020 பற்று, பகிரா லாபத் தொடக்க இருப்பில் வரவு. விட்டுவிட்டால், குழுமத்தின் தொடக்கப் பகிரா லாபம் சென்ற ஆண்டின் இறுதித் தொகையோடு ஒத்துப்போகாது. வித்தியாசம் சரியாக 4,980 வெள்ளியாக இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.